மாலை போட்டால் நிற்கிற வயிற்றுப்போக்கு

கேள்வி: என் கணவருக்கு 43 வயது. தென்னந்தோப்பில் மேஸ்திரி. ரெண்டு வருஷமாக விடிந்தால் நாலு தரம், அஞ்சு தரம் வயிறு போகிறது. சாயங்காலமானால் வயிறு உப்பி பெல்ட்டைத் தளர்த்துகிறார். ஸ்கேனில் ஈரலில் கொழுப்பு என்றார்கள். தினமும் ரெண்டு பாட்டில் கள், ஞாயிற்றுக்கிழமை பிராந்தி. 'கள் குடலுக்குக் குளிர்ச்சி, உன் சமையல் காரம்தான் ஆகலை' என்கிறார். கார்த்திகையில் மாலை போட்டால் மட்டும் சரியாகிவிடுகிறது, சைவம் ஒத்துக்கொள்கிறது போல. முதல் ரெண்டு நாள் கை லேசாக நடுங்கும், தூங்கமாட்டார், அவ்வளவுதான். பத்தியமாக என்ன சமைத்துக் கொடுக்கலாம்?
— பெயர் வேண்டாம், கொழிஞ்சாம்பாறை

பதில்: சமையலை அப்புறம் பார்ப்போம், அம்மணி. போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, மாலை போட்டால் சரியாகிவிடுகிறது என்று, உங்கள் கடிதத்தில் விஷயமே அதுதான். அதை எழுதின கையோடு சைவத்தின் மேல் பாரத்தைப் போட்டுவிட்டீர்கள்.

மாலை போட்ட வீட்டில் 41 நாளும் என்ன சமைக்கிறீர்கள்? பருப்பு, சாம்பார், கோஸ் பொரியல், அவரைக்காய், சுண்டல். குடலில் காற்றைக் கிளப்புகிற சாமான்கள் என்று பட்டியல் போட்டால் முதலில் வருபவையே இவைதான். காரணம் சாப்பாடாக இருந்தால், விரதத்தில் அவருக்கு வயிறு இன்னும் அதிகமாக அல்லவா உப்ப வேண்டும்? மிளகாய்ப்பொடியும் அதே டப்பாவில் இருக்கிறதுதான். வெங்காயம், பூண்டு தள்ளிச் சமைப்பீர்களானால் அதனால் உப்புசம் கொஞ்சம் குறையும், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் நாலு தரம் போகிறவர் ஒரு தரம் போகிற அளவுக்கு வெங்காயத்துக்கு வல்லமை கிடையாது. அந்த 41 நாளில் கறிமீன் நின்றது உங்களுக்குத் தெரிகிறது. கள் நின்றது ஏன் கண்ணில் படவில்லை?

இன்னொன்றும் நினைத்துப் பாருங்கள். மலைக்குப் போய்வந்து மாலையைக் கழற்றிய எத்தனாவது நாள் மறுபடி வயிறு போக ஆரம்பித்தது? பாட்டிலைத் தொட்ட நாளையும் அந்த நாளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்றை நிறுத்தினால் நோய் நிற்கிறது, திரும்பக் கொடுத்தால் திரும்புகிறது என்றால், அதைத்தான் மருத்துவர்கள் முதல் குற்றவாளியாகப் பிடிப்பார்கள். இந்தச் சோதனையை உங்கள் வீட்டில் வருஷா வருஷம் செலவில்லாமல் நடத்திவிட்டு, தீர்ப்பை மட்டும் அடுப்பங்கரைக்கு எழுதுகிறீர்கள்.

கள் குளிர்ச்சி என்ற பேச்சுக்கு வருவோம். இறக்கின உடனே இருக்கிற இனிப்பு சில மணி நேரத்தில் புளித்துச் சாராயச் சத்தாக மாறிவிடுகிறது. கடைக்கு வருகிற கள்ளில் சுமார் 5 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். பீர் பாட்டில் அளவில், 650 மில்லி வீதம் ரெண்டு பாட்டில் குடித்தால் உள்ளே போவது ஏறக்குறைய 51 கிராம் ஆல்கஹால். 150 மில்லி பிராந்தியில் இருப்பதும் அவ்வளவுதான். அதாவது தினமும் ஒரு குவார்ட்டருக்குக் கொஞ்சம் குறைவாக பிராந்தி குடிக்கிறவர் அவர். கள்ளில் உயிரோடு இருக்கிற ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் குடலுக்கு நல்லது செய்யும் என்று சிலர் வாதாடுவார்கள். தயிருக்குப் பேசுகிற வாதத்தைக் கள்ளுக்குப் பேசினால் எடுபடாது. தயிரில் 51 கிராம் ஆல்கஹால் இல்லை. மயக்கத்துக்காக டயசெபாம், குளோரல் ஹைட்ரேட் கலந்த கள் பிடிபட்ட கதையெல்லாம் தனி.

இந்த ஆல்கஹால் தினமும் குடலில் என்ன செய்கிறது? சிறுகுடல் சாப்பாட்டை நிறுத்தி நிறுத்தி, பிசைந்துதான் கீழே அனுப்பும். அந்த நிறுத்துகிற அசைவை ஆல்கஹால் தளர்த்திவிடுகிறது; பெருங்குடலையும் அவசரப்படுத்துகிறது. குடல் உள்சுவர் உப்பையும் தண்ணீரையும் உறிஞ்சுகிற வேலையும் குறைகிறது. தண்ணீர் உறிஞ்சப்படுவதற்குள் எல்லாம் கீழே வந்துவிடுவதால் காலையில் இளக்கமாகப் போகிறது. கூடவே, பால் சர்க்கரையை உடைக்கிற லாக்டேஸ் நொதியும் அந்தச் சுவரில் குறைந்துபோகிறது. விடிந்ததும் பால் டீ குடிக்கிறவராக இருந்தால் கவனித்துப் பாருங்கள், டம்ளரைக் கீழே வைத்த அரை மணி, ஒரு மணி நேரத்தில் கொல்லைப்பக்கம் ஓடுவார். உடையாத பால் சர்க்கரை தண்ணீரை இழுக்கிறது. பெருங்குடல் பாக்டீரியா அதைப் புளிக்கவைத்துக் காற்றாக்குகிறது. பெல்ட் தளர்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஸ்கேனில் சொன்ன ஈரல் கொழுப்பும் இதே கதையின் மறுபாதி. குடல் உள்சுவர் ஒரே ஒரு செல் கனம். செங்கல்லும் பூச்சுமாக, பக்கத்துப் பக்கத்து செல்களை இறுக்கிப் பிடித்திருக்கிற இணைப்புகள் உண்டு. ஆல்கஹால் உடைந்து வருகிற அசிட்டால்டிஹைடு அந்தப் பூச்சை இளக்குகிறது. ஆல்கஹாலை உடைக்கிற வேலையைக் குடல் பாக்டீரியாவும் செய்வதால், அந்த நஞ்சு அங்கேயே உண்டாகிறது. சுவர் கசிந்தால், செத்த பாக்டீரியாவின் மேலோட்டுத் துணுக்குகள் ரத்தத்தில் கலந்து, குடலிலிருந்து புறப்படுகிற ரத்தக்குழாய் வழியே நேராக ஈரலுக்குப் போய்ச் சேர்கின்றன. ஆல்கஹாலால் ஏற்கெனவே கொழுப்பு ஏறிய ஈரலில் இவை அழற்சியைக் கிளப்பும். குடிக்கிறவர் குடலில் பாக்டீரியாக் கூட்டமே மாறுகிறது. நார்ச்சத்தைத் தின்று குடல் சுவருக்குத் தீனி தயாரிக்கிற வகைகள் குறைந்து, அழற்சியைத் தூண்டுகிற வகைகள் பெருகும். பெருங்குடலில் இருக்கவேண்டியவை சிறுகுடலுக்கு ஏறிவிடுவதும் உண்டு. அப்போது சாப்பிட்ட கொஞ்ச நேரத்திலேயே உப்பும்.

குடல் சுவர் செல்கள் 3 முதல் 5 நாளுக்கு ஒருமுறை புதுசாகின்றன. அதனால்தான் மாலை போட்டால் இவ்வளவு சீக்கிரம் குணம் தெரிகிறது. பெல்ஜியத்தில் குடிக்கு அடிமையானவர்களை வைத்துச் செய்து 2014ல் வெளியான ஆய்வில், குடல் கசிவு இருந்தவர்களுக்கு 3 வாரம் குடிக்காமல் இருந்ததில் கசிவு சரியானது. உங்கள் வீட்டுக்காரருக்கு வருஷத்தில் 41 நாள் குடல் தன்னைக் கட்டிக்கொள்கிறது. மிச்ச நாளெல்லாம் அவர் இடிக்கிறார்.

இப்போது உங்களைக் கொஞ்சம் கடிந்துகொள்ளப் போகிறேன். 'கை லேசாக நடுங்கும், அவ்வளவுதான்' என்று எழுதியிருக்கிறீர்கள். அவ்வளவுதான் இல்லை. உடம்பு குடிக்குப் பழகிவிட்டது என்பதற்கு அது அடையாளம். கடைசியாகக் குடித்த சில மணி நேரத்தில் நடுக்கம், வியர்வை ஆரம்பிக்கும். வலிப்பு வருவதானால் பெரும்பாலும் முதல் ரெண்டு நாளுக்குள் வரும். மூன்றாம் நாள் வாக்கில் ஆளைத் தெரியாமல் உளறுவது, இல்லாததைப் பார்ப்பது என்று போனால் உயிருக்கே ஆபத்து. ஒவ்வொரு முறை நிறுத்தித் தொடங்கும்போதும் அடுத்த முறை மோசமாக வர வாய்ப்பு அதிகம். போன வருஷம் நடுக்கத்தோடு போனது இந்த வருஷமும் அப்படியே போகும் என்று இருக்காதீர்கள். இந்த முறை நிறுத்துவதற்கு முன்னால் அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். நடுக்கத்துக்குச் சில நாள் மாத்திரையும், தயமின் என்கிற பி1 வைட்டமினும் கொடுப்பார்கள். போன் செய்து கேட்க அரசின் மனநல உதவி எண் 14416 இலவசம், தமிழிலும் பேசலாம். நீங்களாக இன்று ராத்திரியே பாட்டிலைப் பிடுங்கிக் கொட்டவேண்டாம்.

அவருக்கும் ஒரு வார்த்தை. ஐயப்பனுக்குக் கொடுத்த வாக்கை 41 நாள் காப்பாற்றுகிற மனுஷனுக்கு மன உறுதி இல்லை என்று நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். தாலி கட்டினபோது கொடுத்ததும் வாக்குதான். வீட்டுக்காரி சமையலைக் குறை சொல்லிவிட்டுக் கள்ளுக்கடைக் கப்பையும் மீன்கறியும் தொட்டுக்கொள்வது எந்த நியாயம்?

செய்யவேண்டியது இது. ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். நிறுத்துவதற்கு முந்தின ஒரு வாரம் தேதி போட்டு, எத்தனை பாட்டில், எத்தனை தரம் போனது, ராத்திரி தூக்கத்திலிருந்து எழுந்து போனாரா, வயிறு உப்பியதா என்று மட்டும் எழுதுங்கள். நிறுத்தின பிறகும் ஆறு வாரம் அதையே தொடருங்கள். குடிதான் காரணமானால் ஒன்றிரண்டு வாரத்தில் எண்ணிக்கை இறங்குவது தெரியும். உப்புசம் பின்னால்தான் அடங்கும். நாலு வாரம் ஒரு சொட்டும் தொடாமல் இருந்தும் அப்படியே போனால், வேறு காரணம் தேட வேண்டும். மலம் எண்ணெய் மினுக்கோடு மிதந்து, தண்ணீர் ஊற்றினாலும் ஒட்டிக்கொண்டு நின்றால் கணையம் பாதிக்கப்பட்டிருக்கலாம். ரத்தம், தார் மாதிரி கறுப்பு, காய்ச்சல், எடை குறைவது, தூக்கத்திலேயே எழுப்பிவிடுகிற போக்கு, இதில் ஒன்று இருந்தாலும் நாலு வாரம் காத்திருக்காமல் உடனே போங்கள். ரத்தமோ காய்ச்சலோ இருக்கும்போது போக்கை நிறுத்துகிற லோபரமைடு மாத்திரையைத் தாமாக வாங்கிப் போடக்கூடாது. இடுப்பு வலிக்கு டைக்ளோபினாக் போடுகிற பழக்கம் இருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். குடியோடு சேர்ந்தால் குடலையும் இரைப்பையையும் அதுவும் புண்ணாக்கும்.

நீங்கள் கேட்ட பத்தியம்: முதல் ரெண்டு வாரம் பால் டீக்குப் பதில் கட்டன் சாயா. பால் வேண்டாம், தயிரும் மோரும் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும், அதில் பால் சர்க்கரை கொஞ்சம் குறைந்திருக்கும். உப்புப் போட்ட கஞ்சி, இட்லி, குழைந்த சோறு, பாசிப்பருப்பு, வாழைப்பழம். தண்ணீராகப் போகிற நாளில் ஓஆர்எஸ் பாக்கெட் ஒன்றை ஒரு லிட்டர் தண்ணீரில் முழுசாகக் கரைத்து, வாய் வாயாகக் குடிக்கக் கொடுங்கள். அரைப் பாக்கெட்டை டம்ளரில் கலக்குவது தவறு. கீரையும் முட்டையும் கட்டாயம். குடிக்கிறவர்களுக்கு ஃபோலேட் சத்து குறைந்திருக்கும். அது குறைந்தால் குடல் சுவர் புதுப்பிப்பதே தடைப்படும். காரத்தைக் குறைப்பதும் குறைக்காததும் உங்கள் இஷ்டம்.

மருத்துவரிடம் போகும்போது நோட்டை எடுத்துக்கொண்டு கூடவே போங்கள். 'எப்பவாச்சும் கொஞ்சம் குடிப்பேன் சார்' என்று அவர் ஆரம்பிப்பார். வாயை மூடிக்கொண்டு பக்கத்தில் உட்காராதீர்கள். 'தினமும் ரெண்டு பாட்டில், ஞாயித்துக்கிழமை பிராந்தி, நிறுத்தினா கை நடுங்குது' என்று நீங்கள் சொல்லுங்கள்.