இஸ்கூல், சிலேட்டு: உயிர் எங்கே நுழைகிறது?

"தென்னாப்பிரிக்காவின் டர்பனில் என் பாட்டி ஸ்கூலை இஸ்கூல் என்கிறார், ஸ்லேட்டைச் சிலேட்டு என்கிறார். ஒன்றில் 'இ' முன்னால், இன்னொன்றில் நடுவில். ஏன்?"

தமிழ் அசையின் தொடக்கத்தில் ஒரு மெய்தான் நிற்கும். இரண்டு வந்தால் ஓர் உயிர் தேவை. அது நுழையும் இடத்தைப் பெரும்பாலும் இரண்டாவது மெய் முடிவு செய்கிறது. ல, ர, ந போல ஒலிப்பு மிகுந்த மெய் என்றால் உயிர் நடுவில் வரும்: சிலேட்டு, பிரேக்கு, வடமொழி ஸ்நேகமும் சினேகம். க, ட போன்ற வல்லினம் என்றால் முன்னால் வரும்: இஸ்கூல், இஸ்டேஷன்.

முன்னால் வந்த 'இ' ஸகரத்தை முந்தைய அசைக்கு ஒற்றாக இழுத்துக்கொள்கிறது: இஸ்-கூல். அசை மெய்யில் முடிவது தமிழுக்குப் பழக்கம்தான்.

அக்கம்பக்கத்து ஜூலுக்காரர்கள் இதே சொல்லை இசிகோலே என்பார்கள். ஜூலுவில் அசைகள் பொதுவாக உயிரில்தான் முடியும், அதனால் ஸகரத்துக்குப் பின்னும், லகரத்துக்குப் பின்னும் உயிர் வேண்டியிருக்கிறது: இ-சி-கோ-லே. அப்புறம் ஓர் அழகு: 'இசி' அவர்கள் மொழியில் ஏற்கெனவே இருக்கும் பெயர்ச்சொல் முன்னொட்டு. அதனால் பன்மையில் அது ஆங்கில z போன்ற அதிர்வொலியோடு 'இஸி' என்று மாறி, பள்ளிகள் இஸிகோலே ஆகிவிடுகின்றன.

பள்ளியில் ஆங்கிலம் படித்துப் பழகிய நாக்குக்கு இந்த உயிர் தேவைப்படாது. உங்கள் வாயில் அது வராமல் இருந்தால், காரணம் அதுதான்.