மார்ச் மாதச் செலவு ஏப்ரலில் மறுபடியும் ஏறாமல் இருக்க

கேள்வி: திருப்பூரில் நானும் என் தம்பியும் பங்குதாரர்களாக ஒரு சிறிய பின்னலாடைத் தையல் நிறுவனம் நடத்துகிறோம். மார்ச் மாத மின் கட்டண பில் வராததால், 31-3-2025 அன்று உத்தேசமாக ₹84,000 'கொடுபட வேண்டிய மின் கட்டணம்' என்று எழுதினோம். ஏப்ரலில் ₹86,400-க்கு பில் வந்தது. எங்கள் பகுதிநேரக் கணக்கர் அதையும் மின் கட்டணச் செலவில் எழுதிக் கட்டிவிட்டார். இப்போது ஜூலையில் பார்த்தால், கொடுபட வேண்டியது ₹1,62,000 என்று நிற்கிறது. "ஒரு ரிவர்ஸ் என்ட்ரி போட்டால் சரியாகிவிடும்" என்கிறார். எந்தத் தேதியில், எப்படிப் போடுவது? ஆடிட்டர் கட்டணத்துக்கும் இப்படியே செய்யலாமா?

பதில்: உங்கள் கணக்கர் சொல்வது பாதி சரி. ஒரு பதிவு போதாது, இரண்டு தேவைப்படும் என்று தோன்றுகிறது. ₹1,62,000-இல் சென்ற மார்ச்சின் ₹84,000 போக மீதி ₹78,000 இருக்கிறது. அந்தக் கணக்கின் பேரேட்டைத் திறந்து பாருங்கள். பெரும்பாலும் அது 31-3-2024 அன்று இதே முறையில் எழுதி, அப்படியே மறந்து விடப்பட்ட தொகையாக இருக்கும். அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் இந்த ஆண்டின் கணக்கைச் சரிசெய்வோம்.

மார்ச் 31 அன்று நீங்கள் மின் கட்டணச் செலவில் ₹84,000 பற்று வைத்து, கொடுபட வேண்டிய மின் கட்டணத்தில் வரவு வைத்தீர்கள். அது சரியான பதிவு; மார்ச்சில் எரிந்த மின்சாரத்தின் செலவு மார்ச்சிலேயே சேர்ந்துவிட்டது. ஏப்ரலில் வந்த பில்லும் அதே மார்ச் மின்சாரத்துக்கானதுதான். ஆனால் அதைக் கணக்கர் புதிய ஆண்டின் செலவாக முழுவதும் எழுதிவிட்டார். ஆகவே ஒரே மாதத்து மின்சாரம் சென்ற ஆண்டில் ஒரு முறையும் இந்த ஆண்டில் ஒரு முறையும் செலவாகியிருக்கிறது. அந்த பில்லை வங்கி வழியாகக் கட்டியும் ஆகிவிட்டது. இல்லாத கடன் மட்டும் பேரேட்டில் உட்கார்ந்திருக்கிறது.

இதைத் தீர்ப்பதற்கு, மார்ச் 31 பதிவை அப்படியே திருப்பி, புதிய ஆண்டின் முதல் நாளில் எழுத வேண்டும். அதாவது 1-4-2025 தேதியிட்டு, கொடுபட வேண்டிய மின் கட்டணத்தில் ₹84,000 பற்று, மின் கட்டணச் செலவில் ₹84,000 வரவு. இந்த ஆண்டின் கணக்கு இன்னும் முடிக்கப்படாததால், இன்று ஜூலையில் உட்கார்ந்து அந்தத் தேதியில் எழுதுவதில் தவறில்லை. எழுதியதும் மின் கட்டணப் பேரேடு ஏப்ரல் முதல் தேதியில் ₹84,000 மைனஸாகத் தொடங்கும். பிறகு ₹86,400 பில் ஏறும்போது நிகரமாக ₹2,400 மட்டுமே இந்த ஆண்டின் செலவாக மிஞ்சும். அந்த ₹2,400 உங்கள் உத்தேசத்துக்கும் உண்மையான பில்லுக்கும் உள்ள வித்தியாசம். இந்த ஆண்டிலேயே அது கிடக்கட்டும், அதற்காகச் சென்ற ஆண்டின் கணக்கைத் திறக்க வேண்டாம். பில் வரும் வரை செலவுக் கணக்கு மைனஸில் நிற்பதைப் பார்த்துப் பதறி, நல்ல பதிவை நீக்கிவிடுபவர்களும் உண்டு. அந்த மைனஸ் வரப்போகும் பில்லுக்காகக் காத்திருக்கிறது, அவ்வளவுதான்.

வேறொரு வழியும் இருக்கிறது. திருப்பி எழுதாமல், பில் வரும்போது ₹84,000-ஐக் கொடுபட வேண்டிய கணக்கிலும் மீதி ₹2,400-ஐ மட்டும் செலவிலும் பற்று வைக்கலாம். விளைவு ஒன்றே. ஆனால் பில்லைப் பதிபவர், எந்த பில்லுக்கு மார்ச்சில் எவ்வளவு ஒதுக்கினோம் என்பதை நினைவில் வைத்திருக்க வேண்டும். மாதத்துக்கு இரண்டு நாள் வந்து போகும் பகுதிநேரக் கணக்கரிடம் அதை எதிர்பார்க்க முடியாது. முதல் தேதியிலேயே திருப்பி எழுதிவிட்டால், வருகிற பில்லை யார் வேண்டுமானாலும் வழக்கம் போலச் செலவில் ஏற்றலாம். எந்த வழியைப் பிடித்தாலும் ஒன்றை மட்டும் பிடியுங்கள். ஒருவர் ஏப்ரல் முதல் தேதியில் திருப்பி எழுதி, இன்னொருவர் பில்லையும் கொடுபட வேண்டிய கணக்கில் பற்று வைத்தால், செலவு ஒரு முறை கூட ஏறாமல் போகும். அப்படி நடந்திருந்தால் கொடுபட வேண்டிய கணக்கு பற்று இருப்பைக் காட்டும், அதாவது மின் வாரியம் உங்களுக்குப் பணம் தர வேண்டியது போல.

இப்போது நான் ஒவ்வொரு ஆண்டும் பார்த்துச் சலித்துப்போன ஒரு பொறியைச் சொல்ல வேண்டும். நீங்கள் டாலியில் கணக்கு வைத்திருந்தால், அதில் `Reversing Journal` என்றே ஒரு பதிவு வகை இருப்பதைக் காண்பீர்கள். நாம் தேடுவது இதுதான் என்று யாருக்கும் தோன்றும். ஆனால் அது இதுவல்ல. அந்த வகையில் எழுதுவது உண்மையான கணக்கில் ஏறாது. `Scenario` என்று தனியாக உருவாக்கிப் பார்க்கும் உத்தேச அறிக்கையில் மட்டும், `Applicable Upto` என்று நீங்கள் கொடுக்கும் தேதி வரை அது தெரியும், பிறகு மறைந்துவிடும். மார்ச் 31 ஒதுக்கீட்டையே அதில் எழுதிவிட்டு, இருப்புநிலைக் குறிப்பில் அந்தக் கடனைக் காணவில்லை என்று தணிக்கை நாளன்று விழிப்பவர்களை நான் கண்டிருக்கிறேன். பெயர் வைத்தவர்கள் கணக்கு எழுதும் எளிய மனிதரை ஒரு கணம் நினைத்திருக்கலாம். உங்களுக்கு வேண்டியது `F7` அழுத்தினால் வரும் சாதாரண `Journal` மட்டுமே. அதில் இரண்டு பதிவுகள்: மார்ச் 31-க்கு ஒன்று, ஏப்ரல் 1-க்கு ஒன்று. தானாகத் திருப்பிக்கொள்ளும் என்று எதையும் நம்ப வேண்டாம்.

இன்னொரு குறுக்குவழியையும் சிலர் சொல்லிக் கொடுப்பார்கள்: "எதற்குத் திருப்பி எழுதுவது, மார்ச் பதிவையே அழித்துவிடலாமே." அழித்தால் ஏப்ரலின் தொடக்க இருப்பு சத்தமின்றி மாறிவிடும். சென்ற ஆண்டின் இலாபம் ₹84,000 கூடிவிடும். கையெழுத்தாகி வெளியே போன இருப்புநிலைக் குறிப்பு ஒன்றும் கணினியில் உள்ளது வேறொன்றுமாக நிற்கும். வங்கியில் கடன் புதுப்பிக்கப் போகும் நாளில்தான் அது வெளிச்சத்துக்கு வரும்.

பழைய ₹78,000-க்கு வருவோம். அது உண்மையிலேயே 31-3-2024 ஒதுக்கீடு என்றால், 2024-25 கணக்கில் பதின்மூன்று மாத மின்சாரம் இருக்கும்: மார்ச் 2024-க்கு ஏப்ரலில் வந்த பில், அதன் பின் பதினோரு மாத பில்கள், கடைசியில் மார்ச் 2025-க்கான ஒதுக்கீடு. மின் கட்டணப் பேரேட்டில் மாதங்களை விரல் விட்டு எண்ணிப் பாருங்கள்; தவறைக் கண்டுபிடிக்க இதைவிட எளிய வழி கிடையாது. 2024-25 கணக்கில் ஆடிட்டர் இன்னும் கையெழுத்திடவில்லை என்றால், 1-4-2024 தேதியிட்டு ₹78,000-ஐத் திருப்பி எழுதச் சொல்லுங்கள். அந்த ஆண்டின் இலாபம் அவ்வளவு கூடும், அதற்குரிய வரியும் வரும். கையெழுத்தாகிவிட்டது என்றால் நீங்களாக எதையும் தொடாமல் அவரிடம் சொல்லிவிடுங்கள். அந்த ஆண்டுக்கான வருமான வரிப் படிவத்தைத் திருத்தித் தாக்கல் செய்வதற்கு 2025 டிசம்பர் 31 வரை இடம் இருக்கிறது.

இந்த மறதி எப்போதுமே மறதி அல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். மார்ச் கடைசி வாரத்தில் "வரியைக் குறைத்துத் தருகிறேன்" என்று வருகிற சில இடைத்தரகர்கள், பல்வகைச் செலவு, பழுதுபார்ப்பு, வண்டி வாடகை என்று முழு இலக்கத்தில் ஒரு லட்சம், இரண்டு லட்சம் ஒதுக்கி எழுதிவிட்டு, ஏப்ரலில் திருப்பாமலே விட்டுவிடுவார்கள். இலாபம் குறைந்த மகிழ்ச்சியில் முதலாளியும் கேட்க மாட்டார். மூன்று ஆண்டுகளில் இருப்புநிலைக் குறிப்பில் யாருக்கும் தர வேண்டியிராத கடன் மலையாகக் குவியும். அதிகாரி கேட்கும் நாளில் அந்தத் தரகர் தொலைபேசியை எடுக்க மாட்டார். படிவத்தில் இருப்பது உங்கள் கையெழுத்து. ஒவ்வொரு ஒதுக்கீட்டுக்கும் யாருக்கு, எந்த மாதத்துக்கு, எதை வைத்து இந்தத் தொகை என்று ஒரு வரி கேளுங்கள். மின் கட்டணத்துக்கு மீட்டர் அளவு இருக்கிறது. 'பல்வகைச் செலவுக்கு' என்ன இருக்கிறது?

கடைசியாக ஆடிட்டர் கட்டணம். இதற்கு மின் கட்டணத்தைப் போலச் செய்யக் கூடாது. காரணம் டி.டி.எஸ். ஆடிட்டர் கட்டணம் போன்ற தொழில்முறைக் கட்டணங்களில், பணம் கொடுக்கும் நாள், கணக்கில் வரவு வைக்கும் நாள் இரண்டில் எது முந்தியதோ அன்றே வரி பிடித்தாக வேண்டும். மார்ச் 31 அன்று பில்லே வரவில்லை, பணமும் கொடுக்கவில்லை என்றாலும், ஒதுக்கி எழுதிய கணத்தில் பிடித்தம் வந்துவிடுகிறது. "ஆடிட்டர் பெயரைப் போடாமல் பொதுவான ஒதுக்கீட்டுக் கணக்கில் எழுதினால் பிடிக்க வேண்டாம்" என்று சொல்பவரை நம்பாதீர்கள். சஸ்பென்ஸ் கணக்கானாலும் வேறு எந்தப் பெயரானாலும் அது அவருக்கு வரவு வைத்ததாகவே சட்டம் கொள்ளும். பிடிக்காமல் விட்டால் அந்தச் செலவில் 30 சதவீதத்தை வரிக்கணக்கில் ஏற்க மாட்டார்கள். பில்லைப் பார்க்கும் முன்பே வரி கட்டு என்று கேட்கும் இந்த ஏற்பாட்டின் நியாயம் எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை, ஆனால் கட்டத்தான் வேண்டும்.

ஒரு கணக்காகப் பார்ப்போம். கட்டணம் ₹60,000 என்று பேசியிருக்கிறீர்கள். 31-3-2025 அன்று தணிக்கைக் கட்டணச் செலவில் ₹60,000 பற்று. ஆடிட்டர் பெயரில் ₹54,000 வரவு, டி.டி.எஸ். செலுத்த வேண்டிய கணக்கில் 10 சதவீதமான ₹6,000 வரவு. மார்ச் மாதப் பிடித்தத்தைக் கட்ட ஏப்ரல் 30 வரை அவகாசம். ஜி.எஸ்.டி.யை இங்கே சேர்க்காதீர்கள். பில் கையில் இல்லாமல் உள்ளீட்டு வரியை எடுக்க முடியாது. இந்தப் பதிவை ஏப்ரல் முதல் தேதியில் திருப்பிவிட்டால் என்ன ஆகும்? பின்னர் பில் வரும்போது கணக்கர் முழுத் தொகையையும் புதிதாகப் பதிந்து, மறுபடி ₹6,000 பிடிப்பார். அரசுக்கு ஒரே கட்டணத்தின் மீது இரண்டு முறை கட்டுவீர்கள். இரண்டாவது ₹6,000 உங்கள் கையிலிருந்து போகும். அவருடைய 26AS படிவத்தில் ஒரே வேலைக்கு இரண்டு ஆண்டுகளில் பிடித்தம் தெரியும். பிறகு அதைத் திருத்த நீங்கள் அலைவதை நான் விவரிக்க விரும்பவில்லை.

ஆகவே, யாருடைய பெயரில் வரவு வைத்து டி.டி.எஸ். பிடித்துவிட்டீர்களோ, அந்த ஒதுக்கீட்டைத் திருப்பாதீர்கள். பில் வந்ததும் மார்ச்சில் விடுபட்ட ஜி.எஸ்.டி.யை மட்டும் பதியுங்கள்: உள்ளீட்டு வரியில் ₹10,800 பற்று, ஆடிட்டர் பெயரில் ₹10,800 வரவு. ஜி.எஸ்.டி.யைப் பில்லில் தனியாகக் காட்டியிருந்தால் அதன் மீது பிடித்தம் இல்லை. அவருக்கு ₹64,800 அனுப்பியதும் அவர் பேரேடு பூஜ்யமாகும். தையல் கூலிக்கு வெளியே கொடுக்கும் ஜாப் ஒர்க் பில்களுக்கும், பிடித்தம் செய்திருந்தால், இதே முறைதான்.

மின் கட்டணத்துக்கான இரண்டு பதிவுகளும் முடிந்ததும், கொடுபட வேண்டிய மின் கட்டணப் பேரேட்டை ஜூலை 31 வரை ஒரு முறை எடுத்துப் பாருங்கள். இருப்பு பூஜ்யமாக இல்லை என்றால், மூன்றாவதாக இன்னொரு பழைய மார்ச்சும் அங்கே இருக்கிறது.