பெயர் வைத்த பிறகும் ரவுட்டரில் பெயரில்லாத டிவைஸ் வருவது ஏன்?

"ரவுட்டர் பக்கத்துல 17 டிவைஸ் காட்டுது. எல்லாத்துக்கும் உட்கார்ந்து பெயர் வச்சேன். ரெண்டு வாரம் கழிச்சுப் பார்த்தா மறுபடியும் பெயரில்லாம ரெண்டு மூணு நிக்குது. யாராவது என் வைஃபைல நுழையுறாங்களா?"

நுழைந்திருக்கலாம், ஆனால் முதலில் சந்தேகப்பட வேண்டியது உங்கள் வீட்டு போன்களைத்தான். எனக்கும் இதேதான் நடந்தது, அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நீங்கள் "அம்மா போன்" என்று பெயர் வைக்கும்போது ரவுட்டர் அந்தப் பெயரை போனோடு சேர்த்து வைத்துக்கொள்வதில்லை, அந்த போன் காட்டும் மேக் முகவரியோடுதான் சேர்க்கிறது. ஆறு ஜோடி எழுத்தும் எண்ணுமாக `5C:CF:7F:21:B4:08` என்கிற மாதிரி இருக்குமே, அதுதான். முன்பெல்லாம் இது தொழிற்சாலையில் போட்டது போட்டபடி மாறாமல் இருந்தது, பெயரும் நிலைத்து நின்றது. 2019-இல் வந்த ஆண்ட்ராய்டு 10, 2020-இல் வந்த ஐஓஎஸ் 14 இவற்றிலிருந்து போன்கள் தங்கள் அசல் முகவரியைக் காட்டாமல், ஒவ்வொரு வைஃபைக்கும் தனியாக ஒரு முகவரியைத் தாங்களே உருவாக்கிக் காட்டுகின்றன. போகிற இடமெல்லாம் ஒரே எண்ணைக் காட்டினால் நம் நடமாட்டத்தைப் பின்தொடர முடியும் என்பதால் செய்த ஏற்பாடு, நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்த முகவரி மாறிவிட்டால் ரவுட்டருக்கு அது புது ஆள். நீங்கள் வைத்த பெயர் பழைய முகவரியோடு ஆஃப்லைனில் கிடக்கும், அதே போன் பெயரில்லாமல் கீழே வந்து நிற்கும்.

இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. "ஒவ்வொரு வைஃபைக்கும் தனியாக" என்றேன் இல்லையா, போன் வைஃபையை அடையாளம் காண்பது அதன் பெயரை வைத்துத்தான். உங்கள் ரவுட்டர் `Veedu`, `Veedu-5G` என்று இரண்டு பெயரில் சிக்னல் கொடுத்தால், ஒரே போன் இரண்டிலும் இரண்டு வெவ்வேறு முகவரியோடு வரும். ஒரு போனுக்கு இரண்டு வரி. வீட்டில் நான்கு போன் என்றால் எட்டு வரி வரை போகலாம், 17 என்கிற எண்ணிக்கை அவ்வளவு சுலபமாக வந்துவிடும்.

சரி, ஒரு வரியைப் பார்த்ததும் அது உருவாக்கிய முகவரியா அசல் முகவரியா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? முகவரியின் இரண்டாவது எழுத்தை மட்டும் பாருங்கள். அது 2, 6, A, E இந்த நான்கில் ஒன்றாக இருந்தால் அது தொழிற்சாலையில் போட்டது இல்லை, டிவைஸோ மென்பொருளோ உருவாக்கியது. `DA:31:7C:0E:92:4B` என்றால் இரண்டாவது எழுத்து A, ஆகவே இது அநேகமாக ஒரு போன், டேப்லெட், வாட்ச் அல்லது லேப்டாப். பல்போ பிளக்கோ இப்படி முகவரி மாற்றுவது அபூர்வம். `5C:CF:7F:21:B4:08` என்றால் இரண்டாவது எழுத்து C, அசல் முகவரி. அசல் என்றால் முதல் மூன்று ஜோடியை வைத்து யார் தயாரித்தது என்று தேடலாம், `5C:CF:7F` என்பது எஸ்பிரெசிஃப் நிறுவனத்துடையது. அந்தப் பெயரில் நம் வீட்டில் எதுவும் இல்லையே என்று பயப்பட வேண்டாம். ஸ்மார்ட் பல்பு, பிளக் என்று பல பொருட்களுக்குள் இருக்கும் வைஃபை சிப்பை அவர்கள் செய்கிறார்கள், வெளியே ஒட்டியிருக்கும் பிராண்டு வேறாக இருக்கும்.

ஆகவே பெயர் வைப்பதற்கு முன்னால் முகவரிகளை நிலையாக்க வேண்டும், இந்த வரிசை முக்கியம். ஐபோனில் வைஃபை பட்டியலில் உங்கள் வைஃபைக்குப் பக்கத்தில் உள்ள i குறியைத் தொட்டால் `Private Wi-Fi Address` இருக்கும். ஐஓஎஸ் 18 முதல் அதில் `Off`, `Fixed`, `Rotating` என்று மூன்று. `Rotating` இருந்தால் சுமார் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை முகவரி மாறும், நீங்கள் சொன்ன "ரெண்டு வாரம்" எனக்கு உடனே இதைத்தான் ஞாபகப்படுத்தியது. வீட்டு வைஃபைக்கு மட்டும் `Fixed` வையுங்கள், போதும். `Off` தேவையில்லை. ஆண்ட்ராய்டில் அந்த வைஃபையின் விவரப் பக்கத்தில் `Privacy` என்பதற்குள் இருக்கும், பொதுவாக அந்த வைஃபைக்கான முகவரி மாறாமலே இருக்கும் என்பதால் பெரும்பாலும் தொடவே வேண்டாம். விண்டோஸ் 11-இல் `Random hardware addresses` என்ற இடத்தில் `Change daily` என்று யாராவது போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள், அப்படி இருந்தால் தினமும் ஒரு புது டிவைஸ் முளைக்கும்.

அப்புறம்தான் பெயர். ஒவ்வொரு போனையும் கையில் எடுத்து, அந்த வைஃபையின் விவரப் பக்கத்தில் காட்டும் முகவரியை ரவுட்டர் பட்டியலோடு ஒப்பிட்டுப் பெயர் போடுங்கள். போனைப் பற்றிய பொதுவான `About` பக்கத்தில் பார்க்காதீர்கள், அங்கே அசல் முகவரி இருக்கலாம், ரவுட்டரில் தெரிவது அதுவாக இருக்காது. நான் இதில் அரை மணி நேரம் தலையைப் பிய்த்துக்கொண்டேன். விண்டோஸ் என்றால் `ipconfig /all` கொடுத்து `Physical Address` வரியைப் பாருங்கள், வைஃபைக்கு ஒன்றும் கேபிளுக்கு ஒன்றும் தனித்தனியாக இருக்கும். ஒவ்வொன்றாக அணைத்துப் பட்டியலில் எது மறைகிறது என்று பார்க்கும் வழியை முழுசாக நம்ப முடியாது. சில ரவுட்டர்கள் ஐபி முகவரி கொடுத்த கெடு, உதாரணமாக 24 மணி நேரம், முடியும் வரை அணைத்த டிவைஸையும் பட்டியலில் வைத்திருக்கும்.

பெயரில் யாருடையது அல்லது எந்த அறை, என்ன பொருள், எதன் வழியாக இணைப்பு இந்த மூன்றும் இருக்கட்டும்: `amma-phone-5g`, `hall-tv-cable`, `hall-tv-wifi`. பல ரவுட்டர்கள் தமிழ் எழுத்தை ஏற்பதில்லை, நீளமான பெயரையும் வெட்டிவிடும், அதனால்தான் இப்படி. `phone2`, `new` என்றெல்லாம் வைத்தால் மூன்று மாதம் கழித்து உங்களுக்கே தெரியாது. மாடல் பெயரும் வேண்டாம், ஒரே மாடலை வீட்டில் இரண்டு பேர் வைத்திருப்பார்கள்.

என் வீட்டுப் பட்டியலில் இப்படிச் செய்தபோது கடைசியில் மூன்று வரி மிச்சம் நின்றது. ஒன்று `ESP_21B408` என்ற பெயரோடு இருந்தது. அந்தப் பெயரின் பின்பாதியும் அதன் மேக் முகவரியின் கடைசி மூன்று ஜோடியும் ஒன்றே, அந்த வகை சிப் தனக்கு வைத்துக்கொள்ளும் பெயர் அது. வீட்டைச் சுற்றிப் பார்த்ததில் புத்தக அலமாரிக்குப் பின்னால் விளக்குக்காக மாட்டி மறந்தே போன ஸ்மார்ட் பிளக். கழற்றினேன், கொஞ்ச நேரத்தில் ஆஃப்லைன் ஆனது. இரண்டாவது வரியின் இரண்டாம் எழுத்து A. அது எப்போது ஆன்லைன் வருகிறது என்று பார்த்தால், அம்மா போன் ஆஃப்லைன் ஆகும் அதே நிமிடம். போன் `-5G` பெயருக்கு மாறியிருக்கிறது, அவ்வளவுதான். ஒன்று போவதும் ஒன்று வருவதும் ஒரே நேரத்தில் என்றால் இரண்டும் ஒரே டிவைஸாக இருக்க வாய்ப்பு மிக அதிகம்.

மூன்றாவதும் உருவாக்கிய முகவரிதான், ஆனால் அது இரவு 11 மணிக்கு மேல் வந்தது, அந்த நேரத்தில் எங்கள் போன்கள் எல்லாம் அவரவர் பெயரோடு ஆன்லைனில் இருந்தன. டேப்லெட், வாட்ச் எல்லாம் சரிபார்த்தாயிற்று. ரவுட்டரில் அதை ஒரு நாள் பிளாக் செய்து வைத்தேன், வீட்டில் யாருமே நெட் வரவில்லை என்று கேட்கவில்லை. அன்று மாலையே பாஸ்வேர்டை மாற்றினேன், அது திரும்ப வரவில்லை. யாருடையது என்று இன்றுவரை தெரியாது, அந்த பாஸ்வேர்டை வருடக்கணக்கில் வருகிறவர்களுக்கெல்லாம் கொடுத்திருந்தோம்.

பிளாக் செய்ததோடு ஏன் விடவில்லை என்றால், பிளாக்கும் மேக் முகவரியை வைத்துத்தான். அவர்கள் முகவரி மாறியதும் பிளாக் செல்லாது. பாஸ்வேர்டை மாற்றும்போது ஒன்றைக் கவனியுங்கள்: வைஃபையின் பெயரை மாற்றாதீர்கள். பெயர் மாறினால் போன்களுக்கு அது புது வைஃபை, எல்லாமே புது முகவரி உருவாக்கிக்கொள்ளும், நீங்கள் வைத்த பெயர்கள் அத்தனையும் வீண். போனில் `Forget` கொடுத்தாலும் முகவரி மாறிவிடக்கூடும், கேட்கும் இடத்தில் புது பாஸ்வேர்டை மட்டும் போடச் சொல்லுங்கள்.

வீட்டில் ரிப்பீட்டர் இருந்தால் இன்னொரு குழப்பம். சில ரிப்பீட்டர்கள் தங்கள் வழியாக வரும் டிவைஸின் முகவரியை மாற்றி அனுப்பும், அதனால் பெயர் வைத்த போனே மாடிக்குப் போனதும் வேறு வரியாகத் தெரியும். போனோடு மாடிக்கும் கீழேயும் நடந்து பார்த்து அந்த வரிக்கும் `-madi` என்று சேர்த்துப் பெயர் வைத்துவிடுங்கள். இன்னொன்று, தெரிந்தே உங்கள் டிவைஸின் முகவரியைக் காப்பியடித்து ஒருவர் வந்தால் அவரும் அந்தப் பெயரிலேயே தெரிவார், பெயர்ப் பட்டியல் அதைக் காட்டிக்கொடுக்காது.

பெயரெல்லாம் வைத்து முடித்ததும் பட்டியலை ஒரு போட்டோ எடுத்து வையுங்கள், ரவுட்டரை ரீசெட் செய்தால் எல்லாப் பெயரும் போய்விடும். இணைப்பு நிறுவனம் கொடுத்த ரவுட்டரில் பெயர் மாற்றும் வசதியே இல்லையென்றால், முகவரியும் பெயருமாக ஒரு தாளில் எழுதி ரவுட்டருக்குப் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள், நாங்கள் முதல் வருடம் அப்படித்தான் சமாளித்தோம். ரவுட்டர் ஆப்பில் புது டிவைஸ் வந்தால் அறிவிப்பு அனுப்பும் வசதி இருந்தால், அதை முதலிலேயே ஆன் செய்யாமல் இந்த வேலை முழுக்க முடிந்த பிறகு ஆன் செய்யுங்கள்.