எழுபத்திரண்டை வகுத்தால் வருடம் – கடிதம்

*வணக்கம் ஐயா,*

*எங்கள் அப்பா ஓய்வுபெற்ற கணித ஆசிரியர். வட்டிக் கதை வந்தால் உடனே "72 ஐ வட்டியால் வகு, காசு இரட்டிக்கிற வருடம் வரும்" என்பார். 2022 கடைசியில் ஒரு இலட்சத்தை 24 வீதத்துக்கு வைப்பில் போட்டபோதும், மூன்று வருடத்தில் இரண்டு இலட்சம் என்றார். அடுத்த வருடமே வட்டி விழுந்தது, அது வேறு கதை. ஆனால் விழாமல் 24 இலேயே நின்றிருந்தாலும் இரண்டு இலட்சம் வராது என்று தம்பி கல்குலேட்டரில் தட்டிக் காட்டுகிறான்: 190,662 தான். அப்பா பிழையா, தம்பி பிழையா? இந்த 72 ஐ எதுவரை நம்பலாம்?*

*க., உப்புவெளி*

அன்புள்ள க.,

தம்பியின் கணக்கு சரி. அப்பாவின் கணக்கு, எட்டு வீதத்தை ஒட்டிய வட்டிகளுக்குச் சரி.

வெனிஸ் நகரில் 1494 இல் அச்சான லூக்கா பாச்சோலியின் கணித நூலிலேயே இந்த 72 இருக்கிறது. ஏன் 72 என்று அவர் விளக்கவில்லை. வியாபாரிகள் ஏற்கெனவே வாய்க்கணக்காக வைத்திருந்ததை எழுதிவைத்திருக்கிறார் போல. வாய்க்கணக்குக்கு இதைவிட வசதியான எண் கிடையாது: 2, 3, 4, 6, 8, 9, 12 எல்லாவற்றாலும் மீதியில்லாமல் வகுபடும். கடையில் நின்றபடி 69.3 ஐ யார் வகுப்பார்?

69.3 என்று வேண்டுமென்றேதான் சொல்கிறேன். உண்மையான எண் அதுதான். இரண்டின் இயற்கை மடக்கை 0.693. வட்டி மிகச் சிறிய துண்டுகளாக, கணத்துக்குக் கணம் முதலோடு சேர்ந்துகொண்டே போனால், இரட்டிக்கும் காலம் சரியாக 69.3 ஐ வீதத்தால் வகுத்த அளவு. ஆனால் வங்கி அப்படிச் சேர்ப்பதில்லை. வருடம் முழுக்க முதலுக்கு மட்டும் வட்டியைக் கணக்கிட்டு, கடைசியில் ஒரே தடவையாகச் சேர்க்கிறது. அந்தக் காத்திருப்பில் கொஞ்சம் காலம் நட்டமாகிறது. எவ்வளவு என்றால், வட்டி எதுவாக இருந்தாலும் ஏறத்தாழ ஒரு தவணையின் மூன்றில் ஒரு பங்கு, இன்னும் நெருக்கமாகச் சொன்னால் 0.35. வருடத்துக்கு ஒருமுறை சேர்ந்தால் நாலு மாதமளவு.

விஷயத்தின் மையம் இந்த நாலு மாதம். எட்டு வீதத்தில் காசு இரட்டிக்க ஒன்பது வருடம் செல்லும். 69.3 ஐ 8 ஆல் வகுத்து அந்த 0.35 ஐக் கூட்டினால் ஒன்பது வருகிறது. 72 ஐ 8 ஆல் வகுத்தாலும் ஒன்பதுதான். அதாவது 69.3 க்கும் 72 க்கும் இடையிலுள்ள 2.7, எட்டு வீதத்துக்கு வேண்டிய நட்டஈட்டை முன்கூட்டியே உள்ளே வைத்திருக்கிறது. எட்டைவிட்டு மேலே போகப் போக அந்த நட்டஈடு போதாமல் வரும். கீழே இறங்கினால் மிஞ்சிப்போகும்.

ஒரு இலட்சத்தை வைத்துப் பாருங்கள். 72 சொல்லும் வருடம் முடியும்போது கையில் இரண்டு இலட்சம் இருக்கவேண்டும். 3 வீதத்தில் 24 வருடம்: 203,279, கொஞ்சம் கூட. 8 வீதத்தில் 9 வருடம்: 199,900, நூறு ரூபாய்தான் குறை. 12 இல் ஆறு வருடம்: 197,382. 18 இல் நாலு வருடம்: 193,878. உங்கள் 24 இல் மூன்று வருடம்: தம்பி காட்டிய 190,662. 36 இல் இரண்டு வருடம்: 184,960. கடைசியாக 72 வீதத்துக்கே வாருங்கள். ஒரு வருடத்தில் இரட்டிக்கும் என்று விதி சொல்கிறது. இதற்குக் கல்குலேட்டர் எதற்கு? 72 வீத வட்டியில் ஒரு வருடம் கழித்து ஒரு இலட்சம் 172,000 தான் ஆகும். அந்த இடத்தில் விதி தன்னைத்தானே காட்டிக்கொடுத்துவிடுகிறது.

பிழை எந்தப் பக்கம் சாய்கிறது என்பதையும் கவனியுங்கள். வட்டி கூடினால் விதி எப்போதும் அவசரக்காரன். உண்மையில் செல்வதைவிடக் குறைந்த காலத்தையே சொல்லும். பன்னிரண்டு வரை அந்தப் பிழையை நான் பொருட்படுத்த மாட்டேன், ஆறு வருடத்தில் ஒன்றரை மாதம் பிந்தும், அவ்வளவுதான். பதினைந்தைத் தாண்டினால் திருத்தாமல் பாவிப்பதில்லை.

திருத்தம் சுலபம். எட்டுக்கு மேலே ஒவ்வொரு மூன்று வீதத்துக்கும் 72 உடன் ஒன்றைக் கூட்டுங்கள். எட்டுக்குக் கீழே போனால் அதே மாதிரிக் கழியுங்கள். 20 வீதம் எட்டைவிடப் பன்னிரண்டு கூட, அதாவது நாலு மூன்று. ஆகவே 76 ஐ 20 ஆல் வகுக்க 3.8 வருடம். மடக்கை போட்டு எடுக்கும் விடையும் 3.8 தான். 24 க்கு 77 உம் கொஞ்சமும் வரும், அதை வகுத்தால் 3.22. ஐம்பது வீதத்தில்கூட இந்தத் திருத்தம் ஏமாற்றாது: 86 ஐ 50 ஆல் வகுக்க 1.72, சரியான விடை 1.71.

அந்த 2022 ஐயே எடுங்கள். அந்த வருடம் செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 69.8 வீதம். அந்த நாட்களில் திருகோணமலை பஸ் நிலையத்துக்குப் பக்கத்துத் தேநீர்க் கடையில் நானே பெரிய ஆள் மாதிரி 72 ஐ எழுபதால் வகுத்து, "ஒரு வருடத்தில் எல்லாச் சாமானும் இரட்டை விலை" என்று சொல்லி நாலுபேரின் வயிற்றில் புளியைக் கரைத்தேன். அதே வேகம் தொடர்ந்திருந்தாலும் இரட்டிக்க ஏறத்தாழ 16 மாதம் சென்றிருக்கும். திருத்தத்தைப் போட்டிருந்தால் 93 ஐ எழுபதால் வகுத்து அங்கேயே சொல்லியிருக்கலாம். அன்று எனக்கு அது தெரியாது.

இனி அப்பாவின் பக்கம். அவர் ஒரு விதத்தில் தோற்கவில்லை, ஏனென்றால் 24 வீதம் என்று மட்டும் சொன்னால் அது பாதிக் கேள்விதான். வட்டி எத்தனை மாதத்துக்கு ஒருமுறை முதலோடு சேருகிறது என்று தெரியாமல் விடை கிடையாது.

வருடத்துக்கு 24 என்பது மாதத்துக்கு 2 ஆகப் பிரிந்து, மாதாமாதம் முதலோடு சேருகிறது என்று வையுங்கள். இப்போது தவணை மாதம், வீதம் 2. எழுபத்திரண்டை இரண்டால் வகுக்க 36 மாதம், அப்பாவின் அதே மூன்று வருடம். நிஜத்தில் 35 மாதம் முடியும்போதே 199,989 ரூபாய் வந்துவிடும், பதினொரு ரூபாய்தான் குறை. 36 ஆவது மாதத்தில் 203,989. இங்கே விதி அவசரப்படவில்லை, பிந்துகிறது. ஏனென்றால் 2 வீதம் எட்டுக்குக் கீழே.

வருடக் கடைசியில் மட்டும் சேர்ந்தால் தம்பியின் 190,662. மீதி ஒன்பதாயிரத்துச் சொச்சம் நாலாவது வருட வட்டியிலிருந்து வர இன்னும் இரண்டரை மாதமளவு வேண்டும். மூன்றாவது வகையில் வட்டி முதலோடு சேராது. மாதாமாதம் 2,000 ரூபாய் சேமிப்புக் கணக்கில் விழும், அது மீன், மரக்கறி, மின்சாரக் கட்டணம் என்று போய்விடும். அப்படிப் பெற்ற வட்டி ஒரு இலட்சத்தைத் தொட 50 மாதம், நாலு வருடமும் இரண்டு மாதமும். ஒரே 24 வீதம் 35 மாதமும் ஆகலாம், 50 மாதமும் ஆகலாம். இந்த இடைவெளிக்கு முன்னால் 72 ஆ 77 ஆ என்ற சண்டை சின்னது.

இதே காரணத்தால் மீற்றர் வட்டிக்காரரின் கணக்கில் 72 அநியாயத்துக்குச் சரியாக வரும். நூற்றுக்கு மாதம் பத்து, கட்டாத வட்டி முதலோடு சேரும் என்றால் 72 ஐ 10 ஆல் வகுக்க 7.2 மாதம், உண்மை 7.27. கடன் எப்போது இரட்டிக்கும் என்று பார்க்க அங்கே திருத்தம் ஒன்றும் தேவையில்லை. பார்க்கவேண்டியது வருட வீதத்தை அல்ல, ஒரு தவணைக்கான வீதத்தை.

குறைகிற பொருளுக்கும் 72 ஐப் பாவிக்கிறார்கள். என் மச்சான் ஒருவருக்குக் கொட்பேயில் படகு இருக்கிறது. அவுட்போட் எஞ்சின் வருடத்துக்கு 20 வீதம் பெறுமதி இழக்கும் என்பது அவர் கணிப்பு. அப்படியானால் 72 ஐ 20 ஆல் வகுக்க 3.6 வருடத்தில் பாதி விலை என்று வைத்திருந்தார். பத்து இலட்சத்து எஞ்சின் முதல் வருடம் எட்டு இலட்சம், அடுத்தது ஆறு இலட்சத்து நாற்பதாயிரம், மூன்றாம் வருடம் முடிய ஐந்து இலட்சத்துப் பன்னிரண்டாயிரம். மூன்று வருடமும் ஒரு மாதமும் தாண்டும்போதே பாதி போய்விட்டது. குறையும்போது அந்த 0.35 ஐக் கூட்டக்கூடாது, 69.3 ஐ வகுத்து வருவதிலிருந்து கழிக்கவேண்டும். 72 அதைக் கூட்டிவைத்திருப்பதால் எட்டு வீதத்தில்கூட இங்கே சரிவராது. விற்கிறவருக்கு இது நட்டப் பக்கம்.

வரியையும் மறக்கவேண்டாம். வைப்பு வட்டியில் வங்கி பிடிக்கும் வரி 2025 ஏப்ரலில் 5 இலிருந்து 10 வீதமாகியது. 8 வீத வைப்பில் கையில் சேர்வது 7.2 தான். ஒன்பது வருடம் பத்து வருடமாகும்.

அப்பாவிடம் அந்த வைப்புச் சான்றிதழை எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். வட்டி முதிர்வில் முதலோடு சேரும் என்று இருந்தால் அவர் 72 ஐ வைத்துக்கொள்ளட்டும், மூன்றுக்கு ஒன்று கூட்டினால் போதும். மாதாமாதம் கணக்கில் போடப்படும் என்று இருந்தால் 72 ஐ விட்டுவிட்டு 100 ஐ வகுக்கவேண்டும்.