வைரஸ் ஊசி ஒரு தடவை போட்டால் ஹீமோபிலியா தீருமா?

"எம் பையனுக்கு 9 வயசு, ஹீமோபிலியா ஏ. எங்க அண்ணனுக்கும் இருந்துச்சு. வாரம் ரெண்டு தடவை ஃபேக்டர் 8 ஏத்துறோம். வைரஸ் மூலமா ஜீனை ஒரே ஊசியில ஏத்திட்டா சரியாயிடும்னு சொல்றாங்க, போடலாமா டாக்டர்?" – ஒரு தாய், ஆலங்குளம்

இப்போதைக்கு வேண்டாம்மா. காரணத்தைச் சொல்றேன். ரத்தத்தை உறைய வைக்கும் ஃபேக்டர் 8 என்ற புரதம் குறைவதுதான் ஹீமோபிலியா ஏ.

அந்த ஊசியில் இருப்பது ஏஏவி என்ற வைரஸின் வெறும் கூடு. வைரஸின் சொந்த மரபணுக்களை எடுத்துவிட்டு, ஃபேக்டர் 8 மரபணுவை உள்ளே வைத்து ரத்தத்தில் ஏற்றினால் அது கல்லீரல் செல்லுக்குப் போய் இறக்கிவிடும். சிக்கல் என்னவென்றால், இந்த வைரஸ் ஊரில் சாதாரணமாகத் திரிவதுதான், நம்மில் பலருக்கு அது தெரியாமலே வந்துபோய் எதிர்ப்புப் புரதம் தங்கியிருக்கும், அப்படி இருந்தால் கூடு கல்லீரலை எட்டும் முன்பே அடிபட்டுவிடலாம். எட்டினாலும் கதை முடியவில்லை. ஃபேக்டர் 9 குறையும் ஹீமோபிலியா பி-க்கு நடந்த ஒரு ஆரம்பகாலச் சோதனையில் (2006-இல் வெளியானது) ஒருவருக்கு ஃபேக்டர் 9 சுமார் 11 சதவீதம் வரை ஏறியது. நாலு வாரம் கழித்து கல்லீரல் என்சைம் கூடியது, ஃபேக்டர் பழைய நிலைக்கே சரிந்தது. கூட்டின் துண்டுகளைக் காட்டிக்கொண்டிருந்த கல்லீரல் செல்களை உடம்பின் நோய் எதிர்ப்புச் செல்களான டி செல்களே கொன்றுவிட்டன என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். அதனால்தான் இப்போது ஊசி போட்டவருக்கு அடிக்கடி எஸ்ஜிபிடி என்ற கல்லீரல் என்சைமைப் பார்த்து, ஏறினால் உடனே ஸ்டீராய்டு தருகிறார்கள். இரண்டாவது டோஸ் கிடையாது, முதல் ஊசியே எதிர்ப்பைக் கிளப்பிவிட்டிருக்கும்.

உங்கள் பையனுக்கு இன்னொன்றும் இருக்கு. ஏஏவி கொண்டுவரும் மரபணு பெரும்பாலும் குரோமோசோமில் ஒட்டாமல் தனியாகக் கிடக்கும். கல்லீரல் வளர வளர செல்கள் பெருகும், அது பெருகாது, நீர்த்துப்போகும்.

அப்போ ஒட்டுகிற வைரஸை எடுத்தால்? வேலூர் சிஎம்சியில் 5 பெரியவர்களுக்கு அதைத்தான் செய்தார்கள்: அவரவர் ரத்த ஸ்டெம் செல்லை வெளியே எடுத்து, லென்டிவைரஸால் மரபணு ஏற்றி, கீமோ கொடுத்துவிட்டுத் திருப்பி ஏற்றினார்கள். 2024 இறுதியில் முடிவு வந்தது, ரத்தக்கசிவு நின்றிருந்தது. எனக்கும் சந்தோஷம்தான், ஆனால் அஞ்சே பேர். ஒட்டும் வைரஸ் எந்த இடத்தில் ஒட்டுகிறது என்பதை நாம் தேர்ந்தெடுப்பதில்லை. 1999 முதல் பாரிஸிலும் பிறகு லண்டனிலும், நோய் எதிர்ப்பே இல்லாமல் பிறந்த 20 குழந்தைகளுக்கு பழைய வகை ரெட்ரோவைரஸ் கொடுத்ததில் 5 பேருக்கு ஆண்டுகள் கழித்து ரத்தப் புற்றுநோய் வந்தது. பெரும்பாலும் எல்எம்ஓ2 என்ற மரபணுவுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து அதை விடாமல் ஓடவைத்துவிட்டது. லென்டிவைரஸில் அப்படிப் பக்கத்து மரபணுவைத் தூண்டும் நுனியை வெட்டிவிட்டார்கள், ஆபத்து குறைவு. இருந்தாலும் ஒரே செல்லின் வாரிசுகள் மட்டும் பெருகுகிறதா என்று ரத்தத்தில் பல வருஷம் பார்த்தாக வேண்டும்.

ஃபேக்டரை விடாதீங்க. முட்டி வீங்கினால் வலி கூடும்வரை காத்திருக்காமல் அன்றே ஏற்றுங்க. ஆஸ்பிரின் வேண்டாம், தசையில் ஊசியும் வேண்டாம். அடுத்த முறை வரும்போது இன்ஹிபிட்டர் டெஸ்ட் ரிப்போர்ட்டையும் எடுத்துட்டு வாங்க. ஃபேக்டர் 8-க்கே எதிர்ப்பு இருந்தால் மருந்தையே மாற்ற வேண்டியிருக்கும்.