மாமா தரும் கிஃப்ட் கார்டுக்கு ஓடிபி வராது

கேள்வி: என் மகனுக்கு 9 வயது. வகுப்பில் எல்லோரும் ரோப்ளாக்ஸ் விளையாடுகிறார்களாம், என் போனில் போட்டுத் தரச் சொல்லி ஒரு மாதமாக நச்சரிக்கிறான். அதே போனில்தான் என் ஜிபேயும் பேங்க் ஆப்பும் இருக்கின்றன. போதாததற்கு, பிறந்தநாளுக்கு கேம் கிஃப்ட் கார்டு வாங்கித் தருவதாக அவன் மாமா சொல்லியிருக்கிறார். "ஓடிபி இல்லாமல் பணம் போகாது, பயப்படாதே" என்கிறார் என் கணவர். கொடுப்பதற்கு முன் நான் எதையெல்லாம் பார்க்க வேண்டும்? — ஒரு வாசகி, திருச்சி

பதில்: உங்கள் கணவர் சொல்வது பாதி சரி. நம் ஊர் கார்டில் வாங்கினால் ஓடிபி கேட்கும், யூபிஐயில் வாங்கினால் பின் நம்பர் கேட்கும். ஆனால் கேமுக்குள் பணம் போகும் வழி அது ஒன்றுதான் என்று நினைத்துவிடாதீர்கள். கிஃப்ட் கார்டு வேறு வாசல் வழியாக உள்ளே போகிறது. அங்கே ஓடிபியும் இல்லை, பின்னும் இல்லை. கேம் ஆப்களில் பணம் கட்டும் பகுதியைச் சோதித்துப் பார்ப்பதுதான் என் வேலை. வீடுகளில் காசு போன கதைகளை விசாரித்தால் பெரும்பாலும் இந்தப் பக்கத்து வாசல்தான் காரணமாக இருக்கும்.

ரோப்ளாக்ஸ் என்பது ஒரே விளையாட்டு அல்ல, ஏராளமான விளையாட்டுகள் உள்ளே இருக்கும் ஒரு ஆப். முதலில், இன்ஸ்டால் செய்யாமலேயே பிளே ஸ்டோரில் அதன் பக்கத்தைத் திறந்து பாருங்கள். பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் In-app purchases என்றும், விளம்பரம் உள்ள ஆப் என்றால் Contains ads என்றும் போட்டிருப்பார்கள். About this game என்பதைத் தொட்டுக் கடைசி வரை இறங்கினால், உள்ளே விற்கும் பொருட்களின் குறைந்த விலையும் அதிக விலையும் ரூபாயில் இருக்கும். அந்த அதிக விலையைப் பாருங்கள். ஒரே தட்டலில் போகக்கூடிய தொகை அதுதான்.

ஆனால் ரூபாய்க் கணக்கு இந்தப் பக்கத்தோடு முடிந்துவிடுகிறது. ரோப்ளாக்ஸுக்குள் ரோபக்ஸ் என்ற காசுதான் செல்லும். ரூபாய் ரோபக்ஸாக மாறும்போது பிளே ஸ்டோர் ஒரு தடவை பாஸ்வேர்டு கேட்கும். மாறிய பிறகு அதைச் செலவு செய்ய பிளே ஸ்டோர் யாரிடமும் எதுவும் கேட்காது. பூட்டு வாசலில்தான், வீட்டுக்குள் இல்லை.

உள்ளே விற்பவை இரண்டு வகை. ஒருமுறை வாங்கினால் அந்த விளையாட்டில் எப்போதும் இருப்பதை கேம் பாஸ் என்பார்கள். அதன் பட்டியலை ஒவ்வொரு விளையாட்டின் பக்கத்திலும் Store பகுதியில் விலையோடு பார்க்கலாம். இன்னொன்று எத்தனை தடவை வேண்டுமானாலும் வாங்கக்கூடியது. விழுந்த இடத்திலிருந்து தொடர்வது, ஒரு கட்டத்தைத் தாண்டிப் போவது, பத்து நிமிடத்துக்கு வேகம் கூட்டுவது எல்லாம் இந்த வகை. காசு கரைவது இதில்தான். பெரும்பாலும் விளையாடும்போதுதான் இது கண்ணில் படும் என்பதால், பையனிடம் கொடுக்கும் முன் நீங்களே அரை மணி நேரம் விளையாடிப் பாருங்கள்.

கோபுரம் ஏறும் விளையாட்டு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பையன் முக்கால்வாசி ஏறித் தவறி விழுகிறான். விழுந்த நொடியிலேயே, இந்தக் கட்டத்தைத் தாண்ட 25 ரோபக்ஸ் என்று ஒரு பெட்டி திரையின் நடுவில் வந்து நிற்கிறது. அழுத்த வேண்டிய பொத்தான், கட்டைவிரல் ஏற்கெனவே இருக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. 400 ரோபக்ஸை 450 ரூபாய்க்கு வாங்கியதாக வைத்துக்கொள்வோம். ஒரு ரோபக்ஸ் ஒரு ரூபாய்க்குச் சற்று மேல், ஆக ஒரு விழுதலுக்கு 28 ரூபாய். ஒரு மாலையில் பதினாறு முறை விழுந்தால் 450 ரூபாயும் முடிந்துவிடும். பையன் யாரையும் ஏமாற்றவில்லை. 25 என்ற எண்ணைப் பார்த்தானே தவிர, 28 ரூபாயை அவன் பார்க்கவே இல்லை.

சரி, பூட்டுக்கு வருவோம். பிளே ஸ்டோரில் உங்கள் படத்தைத் தொட்டு, Settings-க்குள் Purchase verification என்பதைத் தேடுங்கள். சில போன்களில் Require authentication for purchases என்று இருக்கும். ஒவ்வொரு முறையும் கேட்கும்படி வையுங்கள். 30 நிமிடத்துக்கு ஒருமுறை என்ற தேர்வு வேண்டவே வேண்டாம். ஒரு தடவை நீங்கள் பாஸ்வேர்டு போட்டுவிட்டு அடுப்படிக்குப் போனால், அடுத்த அரை மணி நேரம் கடை திறந்தே கிடக்கும். அமெரிக்காவில் நுகர்வோரைப் பாதுகாக்கும் அரசு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன் 2014-ல் எடுத்த நடவடிக்கைகளின் மையமே இதுதான். ஒரு பாஸ்வேர்டு ஆப்பிளில் 15 நிமிடத்துக்கும் கூகுளில் 30 நிமிடத்துக்கும் கதவைத் திறந்து வைத்தது. அந்த இடைவெளி பெற்றோருக்குத் தெரியவில்லை. பிள்ளைகள் வாங்கிக் குவித்ததற்காக ஆப்பிள் குறைந்தது 3.25 கோடி டாலரும், கூகுள் குறைந்தது 1.9 கோடி டாலரும் பெற்றோருக்குத் திருப்பித் தர ஒப்புக்கொண்டன.

இன்னொரு ஓட்டை விரல் ரேகை. போனைத் திறக்க வசதியாக இருக்கட்டும் என்று பையனின் விரலையும் நம் போனில் பதிந்து வைத்திருப்போம். பிளே ஸ்டோரில் ரேகை வைத்து வாங்குவதை இயக்கியிருந்தால் அவன் விரலும் செல்லும். போனைப் பொறுத்தவரை பதிந்த விரல்கள் எல்லாமே உரிமையாளர் விரல்தான். அவன் ரேகையை நீக்குங்கள், அல்லது பிளே ஸ்டோரில் ரேகையை அணைத்துப் பாஸ்வேர்டு மட்டும் வையுங்கள். ஓடிபியும் இதே கதைதான். கையில் இருக்கும் அதே போனுக்குத்தான் அது வருகிறது, ஒன்பது வயதுப் பிள்ளைக்கு ஆறு எண் படிக்கத் தெரியும்.

அதனால்தான், பீரோவில் பழைய போன் ஒன்று கிடந்தால் அதைக் கொடுங்கள் என்று சொல்வேன். சிம் வேண்டாம், வைஃபை போதும். பழைய கணக்குகளை அழித்துவிட்டு, கூகுளின் ஃபேமிலி லிங்க் என்ற ஆப் மூலம் அவன் பெயரில், உண்மையான பிறந்த தேதியோடு பிள்ளைக் கணக்கு ஒன்று தொடங்குங்கள். ஓடிபி, யூபிஐ, பேங்க் ஆப் எதுவும் அந்தப் போனில் இருக்காது. ஆப் இறக்கவோ வாங்கவோ அவன் முயன்றால் உங்கள் போனுக்கு அனுமதி கேட்டு வரும். எதற்கெல்லாம் அனுமதி வேண்டும் என்று கேட்கும் இடத்தில் All content என்பதைத் தேர்ந்தெடுங்கள். உங்கள் கார்டில் வாங்குவதற்கு மட்டும் அனுமதி என்று வைத்தால், கிஃப்ட் கார்டு வழியாக வந்த பணம் கேட்காமலேயே செலவாகும்.

பிறந்த தேதி விளம்பரத்துக்கும் முக்கியம். 13 வயதுக்குக் கீழ் என்று பதிவான கணக்குகளுக்கு விளம்பரம் காட்டக்கூடாது என்பது ரோப்ளாக்ஸின் விதி. பையன் அவசரத்தில் 2005 என்று போட்டுவிட்டால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். அதேபோல, உங்கள் கூகுள் கணக்கில் அவன் வேறு இலவச கேம்கள் விளையாடும்போது விளம்பரக்காரர்களின் கண்ணுக்கு அவன் பெரியவன்தான். கடன் ஆப் விளம்பரங்கள் நடுவில் வருவது இப்படித்தான். பிள்ளைக் கணக்கில் ஆளைப் பார்த்துக் காட்டும் விளம்பரங்கள் வராது. ஒன்று மட்டும் நினைவில் வையுங்கள். கேம் தன் சொந்தக் கடைக்குக் காட்டும் "இன்று மட்டும் சலுகை" பெட்டிகள் Contains ads கணக்கில் சேராது. உங்கள் அரை மணி நேரச் சோதனையில் அவை எத்தனை தடவை வந்தன என்று எண்ணிக்கொள்ளுங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒன்று வந்தால் அந்த விளையாட்டை நான் என் வீட்டில் விடமாட்டேன்.

அப்புறம், மாமாவின் கார்டு. எந்தக் கார்டு என்று முதலில் அவரிடம் கேளுங்கள். கூகுள் பிளே கோட் என்றால் அது பிளே கணக்கின் இருப்பில் சேரும், எந்த ஆப்பிலும் செலவழிக்கலாம். ரோப்ளாக்ஸ் கார்டு என்றால் roblox.com/redeem என்ற பக்கத்தில் போட வேண்டும், நேராக ரோப்ளாக்ஸ் கணக்குக்குப் போகும். அதாவது பிளே ஸ்டோரின் பாஸ்வேர்டும் ஃபேமிலி லிங்க்கின் அனுமதியும் இதைத் தொடவே தொடாது. உங்கள் பெயரில் ஒரு ரோப்ளாக்ஸ் கணக்கு தொடங்கி, அடையாள அட்டை அல்லது கிரெடிட் கார்டு காட்டிப் பெற்றோர் என்று உறுதி செய்து, அவன் கணக்கோடு இணைத்தால் மாதச் செலவு வரம்பு வைக்க முடியும். அதைச் செய்யுங்கள். ஆனாலும் ஏற்கெனவே உள்ளே இருக்கும் ரோபக்ஸ் கரைவதை அந்த வரம்பு தடுக்காது. ஆகவே அந்தக் கார்டைப் போடாமல் உங்கள் கையில் வைத்திருப்பதுதான் கடைசிப் பூட்டு.

மாமா கார்டில் உள்ள கோட் எண்ணைப் படம் எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டாம். பார்ப்பவர் யார் வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம், முதலில் போட்டவருக்குத்தான் பணம். சுரண்டாத கார்டாகவோ, உங்கள் எண்ணுக்கு மட்டுமோ தரட்டும். போடும் முன் எந்தக் கணக்கு திறந்திருக்கிறது என்று இரண்டு தடவை பாருங்கள். தவறான கணக்கில் விழுந்த தொகையை இன்னொன்றுக்கு மாற்ற வழியில்லை. கேமுக்குள் யாராவது "கோட் எண்ணை அனுப்பு, இரட்டிப்பாக்கித் தருகிறேன்" என்றாலோ, இலவச ரோபக்ஸ் தருவதாக ஒரு தளம் பாஸ்வேர்டு கேட்டாலோ, அது திருட்டு. இதை அவனிடம் இந்தச் சொற்களிலேயே சொல்லிவையுங்கள்.

இவ்வளவும் முடிந்ததும் ஒரு சோதனை. ரோபக்ஸ் எதுவும் இல்லாத நிலையில் அவன் கணக்கில் மிகச் சிறிய ரோபக்ஸ் பொதியைத் தேர்ந்தெடுத்து, கடைசிப் பொத்தான் வரை போங்கள். அனுமதியோ பாஸ்வேர்டோ கேட்டால் பூட்டு வேலை செய்கிறது, அங்கேயே திரும்பிவிடுங்கள். கேட்காமல் வாங்கிவிட்டால் போனது சிறிய தொகைதான், உடனே play.google.com-ல் பணத்தைத் திரும்பக் கேளுங்கள். இப்படித் தவறாக வாங்கியவற்றுக்கு 48 மணி நேரத்துக்குள் கேட்பதுதான் வழி. அதற்குப் பிறகு கேம் நிறுவனத்திடம் போக வேண்டியிருக்கும். கிஃப்ட் கார்டில் வந்த ரோபக்ஸுக்கு இந்த வழியும் கிடையாது.

மாமாவின் கார்டை முதல் இரண்டு வாரம் போடாமல் வையுங்கள். காசில்லாமல் எந்த விளையாட்டை அவன் திரும்பத் திரும்பத் திறக்கிறான் என்று அதற்குள் தெரிந்துவிடும். பிறகு இருவரும் உட்கார்ந்து அந்த விளையாட்டின் Store பகுதியில் ஒரு கேம் பாஸைத் தேர்ந்தெடுங்கள். அதன் ரூபாய் விலையை அவனையே ஒரு தாளில் கணக்குப் போடச் சொல்லிவிட்டு, அப்புறம் கோட் எண்ணைப் போடுங்கள். மீதி ரோபக்ஸ் எவ்வளவு என்று அதே தாளில் குறித்துக்கொண்டால், அடுத்த ஞாயிற்றுக்கிழமை கணக்கின் Transactions பக்கத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க இரண்டு நிமிடம்தான் ஆகும்.