ஈரப் பெயிண்டின் தடிமனை அளக்கும் சீப்பு கேஜில் 225 மைக்ரான் காட்டியது, காய்ந்ததும் ஏன் குறைகிறது?

பெயிண்டின் டேட்டா ஷீட்டில் "வால்யூம் சாலிட்ஸ் 60%" என்று இருக்கிறது. காய்ந்த பின் 125 மைக்ரான் வேண்டும். ஈரத்தில் எவ்வளவு அடிக்க வேண்டும்?

ஒரு லிட்டர் பெயிண்டில் 600 மில்லி மட்டுமே சுவரிலோ இரும்பிலோ தங்கும், மீதி 400 மில்லி ஆவியாகிப் போகும் என்பதுதான் அந்த 60-க்குப் பொருள். பரப்பு மாறாததால், தடிமனும் அதே விகிதத்தில் குறையும்.

காய்ந்த தடிமன் = ஈரத் தடிமன் × 60 ÷ 100

உங்களுக்குத் தேவையானது 125 ÷ 0.60 = 208 மைக்ரான் ஈரம். இரண்டு டப்பா எப்பாக்ஸி என்றால், அந்த 60% பேஸும் ஹார்ட்னரும் சேர்ந்த கலவைக்கு உரியதா என்று ஷீட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும்.

ஷீட்டில் எடைப்படி 78% என்றும் போட்டிருக்கிறதே, எதை எடுப்பது?

கன அளவுப்படி உள்ளதை மட்டும். நிறமிகள் கனமானவை, அதனால் எடைக் கணக்கு எப்போதும் பெரிதாக வரும். 78-ஐ வைத்து வகுத்தால் 160 மைக்ரான் ஈரம் போதும் என்று தோன்றும். அது காய்ந்தால் 96 மைக்ரான்தான் மிஞ்சும்.

ஸ்பிரேக்கு 10% தின்னர் கலந்தோம். கணக்கு மாறுமா?

மாறும். ஒரு லிட்டர் பெயிண்ட் 1.1 லிட்டர் ஆகிவிட்டது, திடப்பொருள் அதே 600 மில்லிதான். 600 ÷ 1100, அதாவது 54.5%. ஆகவே 125 × 110 ÷ 60 = 229 மைக்ரான் ஈரம் வேண்டும். தின்னர் ஊற்றியவர் சூப்பர்வைசரிடம் சொல்லாமல் போனால், 208 காட்டிய இடத்தில் காய்ந்தது 113 தான் இருக்கும். யார், எவ்வளவு, எந்த டப்பாவில் ஊற்றினார் என்பதை அங்கேயே எழுதி வைக்கச் சொல்லுங்கள்.

தின்னர் கலக்கவே இல்லை. சீப்பு கேஜில் 225-க்கு மேல் காட்டியது. காய்ந்த பின் 90, 100 என்றே வருகிறது. எங்கே தவறு?

முதலில் டப்பாவின் அடியைக் குச்சியால் கிளறிப் பாருங்கள். அடியில் கெட்டியாகப் படிந்த நிறமி மேலே வராமல் அடித்திருந்தால், மேல்பகுதி பெயிண்டில் 60% இருந்திருக்காது. பவர் ஸ்டிரரால், அடியில் ஒட்டியது எதுவும் இல்லாத வரை கலக்க வேண்டும். கைக்குச்சியால் நான்கு சுற்று சுற்றுவது போதாது.

அடுத்தது சீப்பு. கேஜின் இரண்டு ஓரப் பற்களும் அடிப்பரப்பைத் தொட்டு நிற்க, நேர் செங்குத்தாக அழுத்தி எடுக்க வேண்டும். நனைந்த கடைசிப் பல் 225, அடுத்த பல் 250 காய்ந்திருந்தால், தடிமன் அந்த இரண்டுக்கும் நடுவில். பழைய கோட் இன்னும் இளகியிருந்தால் ஓரப் பற்கள் அதற்குள் இறங்கிவிடும். அளவு அதிகமாகக் காட்டும், உள்ளே பெயிண்ட் அவ்வளவு இராது. முந்தைய அளவின் பெயிண்ட் பற்களில் ஒட்டிக் காய்ந்திருந்தாலும் இதே கதைதான். ஒவ்வொரு முறையும் தின்னரில் துடையுங்கள்.

தாமதமாக அளந்தால் நேர் எதிரான தவறு வரும். கரைப்பான் பாதி பறந்துவிட்டதால் அளவு குறைவாகக் காட்டும், பெயிண்டர் இன்னொரு பாஸ் கொடுப்பார், காய்ந்ததும் தடிமன் தேவைக்கு மேல் போய்விடும். அடித்த உடனே, சில நொடிகளுக்குள் அளப்பதே சரி.

துகள்களை வேகமாக வீசிச் சொரசொரப்பாக்கிய, அதாவது பிளாஸ்டிங் செய்த இரும்பில் எல்லாம் சரியாகச் செய்தும் முதல் கோட் குறைகிறது.

இதைப் பலர் கவனிப்பதில்லை. பிளாஸ்டிங்கில் ஏற்பட்ட மேடுகளின் மேல்தான் சீப்பு நிற்கிறது. பள்ளங்களில் இருக்கும் பெயிண்ட் அதன் கணக்கில் வராது. ஆனால் பள்ளத்துப் பெயிண்டும் காயும்போது சுருங்கி, மேலே உள்ளதைத் தனக்குள் இழுத்துக்கொள்ளும். பள்ளங்கள் சராசரியாக 30 மைக்ரான் அளவு பெயிண்ட் பிடிப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். மொத்த ஈரம் 208 + 30 = 238. காய்ந்தால் அதில் 60%, 143. பள்ளத்துக்கு 30 கழித்தால் மேட்டின் மேல் 113 மட்டுமே. 125 வேண்டுமானால் (125 + 30) ÷ 0.60 − 30 = 228 ஈரம் தேவை.

காய்ந்த பின் மின்காந்த கேஜில் அளக்கும்போது இன்னொரு ஏமாற்றம் உண்டு. வழவழப்பான தகட்டில் சரிசெய்த கேஜ், சொரசொரப்பான இரும்பில் உண்மையைவிட அதிகம் காட்டும். நடுத்தர பிளாஸ்டிங்குக்கு 25 மைக்ரான் கழிக்கச் சொல்கிறது ஐஎஸ்ஓ 19840. ஆக, திரையில் 125 தெரிந்தாலும் மேட்டின் மேல் 100 இருப்பதாகத்தான் கொள்ள வேண்டும்.

ஜிங்க் சிலிக்கேட் பெயிண்டுக்கும் இதே கணக்கா?

வேண்டாம். அந்தப் படலம் நுண்துளைகளோடு காய்வதால், கணக்கில் வருவதைவிடத் தடிமன் கூடுதலாக நிற்கும். சீப்பை வழிகாட்டியாக மட்டும் வைத்துக்கொண்டு, சிறிய பகுதியில் அடித்து, காய்ந்த பின் கேஜில் அளந்து பார்த்தே எத்தனை பாஸ் என்று முடிவு செய்யுங்கள்.